ஜப்பானியக் கிளையன்டின் மெயிலைக் கருவியில் போட்டுப் படிப்பவர்களுக்கு

நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து பொருள்களின் புகைப்படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை செய்கிறேன். பின்னணியை வெட்டி எடுப்பது, நிறம் சரிசெய்வது, நிழல் போடுவது, அவ்வளவுதான். போன ஜூனில் ஒசாக்காவில் பீங்கான் பாத்திரம் விற்கும் ஒரு சின்னக் கடை 120 படங்கள் கொடுத்தது. பிடித்திருந்தால் இன்னும் 200 தருவோம் என்று பேச்சு. அவர்களுக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜப்பானியம் வராது, நடுவில் மொழிபெயர்ப்புக் கருவி. அந்தக் கருவி சொன்னதை அப்படியே நம்பியதால் 140 படங்களைச் சும்மா திருத்தினேன், பேமென்டும் ஒரு மாதம் தள்ளிப் போனது. உங்களுக்கும் ஜப்பானிலிருந்து வேலை வர ஆரம்பித்திருந்தால் முதல் மெயிலுக்குப் பதில் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் 120 படங்களை அனுப்பியதும் வந்த மெயிலைக் கருவி இப்படிக் கொடுத்தது. நான் தமிழில் சொல்கிறேன்:

"உங்கள் பராமரிப்பில் இருக்கிறோம். அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மிகவும் வருந்துகிறேன், ஆனால் நிழல் பகுதி கொஞ்சம் ஆர்வமாக இருக்கிறது. தொந்தரவுதான், 20ஆம் தேதிக்குள் திருத்தினால் மகிழ்ச்சி. மீதமுள்ளவற்றை அலுவலகத்தில் பரிசீலிக்கிறோம். இன்வாய்ஸை மாதக் கடைசியில் மூடவும். நன்றி."

படித்ததும் எனக்கு ஒரே குஷி. மனுஷர் வருத்தம் தெரிவிக்கிறார், நிழல் அவருக்குப் பிடித்திருக்கிறது, திருத்தினால் சந்தோஷப்படுவார், திருத்தாவிட்டாலும் பாதகமில்லை, மீதி 200 வரப்போகிறது. சோதனைக்கு என்று அந்த 200 படங்களையும் முதல் நாளே அனுப்பி வைத்திருந்தார்கள், நானும் சூட்டோடு சூடாக அதில் கை வைத்துவிட்டேன். மேலே இருக்கும் ஒவ்வொரு வரியையும் நான் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

## 1. பேஸ்ட் செய்யும் முன் வரிகளை ஒட்டுங்கள்

ஜப்பானியர்கள் மெயில் எழுதும்போது படிக்க வசதியாக இருக்கட்டும் என்று, வாக்கியம் முடியாத இடத்திலும் அவர்களே என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நாம் அதை அப்படியே கருவியில் போட்டால் அது ஒவ்வொரு வரியையும் தனி வாக்கியம் என்று எடுத்துக்கொள்ளும். ஜப்பானியத்திலும் தமிழ் மாதிரி வினைச்சொல் கடைசியில்தான் வரும். பாதி வரியில் வினை இருக்காது, கருவி தானாக ஒன்றைப் போட்டு முடித்துவிடும்.

அதனால் முதலில் ஒரு நோட்பேடில் போட்டு, சின்ன வட்டமாக ஒரு முற்றுப்புள்ளி வருமே, அது வரைக்கும் உள்ளதை ஒரே வரியாக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு வாக்கியமாகத் தனித்தனியே மொழிபெயர்க்கவும். பத்து வரி மெயிலுக்கு ஐந்து நிமிடம் ஆகும். கிளையன்டின் பெயர், வங்கி விவரம், இன்னும் வெளிவராத பொருளின் பெயர் இதெல்லாம் இருந்தால் அந்த இடத்தில் வேறு எதையாவது போட்டு மாற்றிவிடுங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முழு மெயிலையும் இலவசக் கருவியில் கொட்டுவது நல்லதல்ல.

## 2. முதல் வரியையும் கடைசி வரியையும் கழித்துவிடுங்கள்

"உங்கள் பராமரிப்பில் இருக்கிறோம்" என்று கருவி சொன்னது "ஒசேவா நி நாத்தே ஓரிமாஸ்" என்ற வரியை. நம் கடிதத்தில் "நலம், நலமறிய ஆவல்" என்று வந்துகொண்டிருந்த மாதிரி, அது எல்லா வியாபார மெயிலிலும் வரும். கடைசியில் வரும் "யோரோஷிகு ஒனெகாய் இதாஷிமாஸ்" என்பதைக் கருவி சில நேரம் "நன்றி" என்றும், சில நேரம் "தயவுசெய்து" என்றும், சில நேரம் "அன்புடன்" என்றும் கொடுக்கும். எதுவாக இருந்தாலும் அதை வைத்து அவர் மனநிலையைக் கணக்குப் போட முடியாது. உங்கள் மேல் கடுங்கோபத்தில் இருப்பவரும் அதே வரிகளைத்தான் எழுதுவார்.

சொல்லப்போவதை மென்மையாக்க நடுவில் வரும் மெத்தைச் சொற்களும் இதே ரகம். "மோஷிவாகே கொசாய்மாசென் கா" என்பது நேர்ப்பொருளில் "மிகவும் வருந்துகிறேன், ஆனால்". மெயிலின் நடுவில், "கா" என்று முடிந்து அடுத்த விஷயத்துக்குப் போனால் பெரும்பாலும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, ஏதோ கேட்கப் போகிறார், அல்லது மறுக்கப் போகிறார். அதே மாதிரி "ஒதேசூ தெஸ் கா" என்பதைக் கருவி "தொந்தரவுதான்" என்று கொடுக்கும். என் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, கிளையன்ட் தன்னைத் தொந்தரவு என்கிறார் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும்" என்பதுதான் பொருள்.

இந்த மாதிரிச் சொல் வந்தால் அதற்கு அடுத்து வருவதுதான் மெயிலின் உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மெயிலில் அதற்கு அடுத்து வந்தது நிழல்.

## 3. யார் செய்ய வேண்டும் என்று வினைச்சொல்லின் வாலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்

அதிகம் கவிழ்க்கும் இடம் இதுதான். தமிழிலும் நாம் "நான்", "நீங்கள்" எல்லாம் விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம், ஆனால் "பார்க்கிறேன்", "பாருங்கள்" என்று விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினையில் அந்த விகுதி கிடையாது. எழுவாயும் இல்லை, விகுதியும் இல்லை என்றால் கருவி சூழலைப் பார்த்து "நான்" என்றோ "நீங்கள்" என்றோ ஊகித்துத்தான் போட வேண்டும், அந்த ஊகம் தப்பினாலும் வாக்கியம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும்.

ஜப்பானியத்தில் ஆளைக் காட்டுவது மரியாதைச் சொல். தன்னைத் தாழ்த்திச் சொல்லும் வடிவம் வந்தால் பெரும்பாலும் செய்பவர் எழுதியவர், எதிராளியை உயர்த்தும் வடிவம் வந்தால் செய்ய வேண்டியவர் நீங்கள். ஒரு ஜோடியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்:

"காகுநின் சசேதே இததாகிமாஸ்" என்றால் அவர்கள் சரிபார்ப்பார்கள்.

"காகுநின் ஷிதே இததாகிமாஸ்" என்றால் நீங்கள் சரிபார்க்க வேண்டும்.

வித்தியாசம் "சசேதே", "ஷிதே" அவ்வளவுதான். கருவியில் ஜப்பானிய எழுத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் வரும், இதை அங்கே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வினை "குதாசாய்" என்று முடிந்தாலும் வேலை உங்கள் தலையில்தான், "இதாஷிமாஸ்" என்று முடிந்தால் பெரும்பாலும் அவர்கள் தலையில். ஆனால் "ஒனெகாய் இதாஷிமாஸ்" என்று முடிந்தால் அது வேண்டுகோள், வேலை உங்கள் தலையில்தான். மேலே சொன்ன யோரோஷிகு வரியை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள், அதுவும் அப்படித்தான் முடியும்.

இன்னொரு உபாயம் உண்டு, இது நம் தமிழ் விகுதியால் கிடைத்த வசதி. ஒரே வாக்கியத்தை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனியே மாற்றிப் பாருங்கள். ஆங்கிலத்தில் மழுப்பலாக விட்டுவிட முடிந்த இடத்தில் தமிழ் விகுதி ஏதாவது ஒரு ஆளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று "நாங்கள்" என்றும் இன்னொன்று "நீங்கள்" என்றும் சொன்னால் அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை, கருவி ஊகித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வரியைச் சிவப்பில் குறித்து வையுங்கள், ஆறாவது படியில் தேவைப்படும்.

## 4. இரண்டு பொருள் உள்ள சொற்களை அகராதியில் பாருங்கள்

"நிழல் பகுதி கொஞ்சம் ஆர்வமாக இருக்கிறது" என்ற வரியில் இருந்த சொல் "கி நி நாரிமாஸ்". மனதில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் ஈர்ப்பு, நீங்கள் செய்து கொடுத்த வேலையைப் பார்த்துச் சொன்னால் உறுத்தல். நான் எல்லாக் கோப்பைக்கும் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விட்டிருந்தேன், அழகாக இருக்கும் என்று. வெள்ளைப் பீங்கானின் அடி விளிம்பு அதில் கரைந்து அழுக்குப் பிடித்த மாதிரித் தெரிந்தது, அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். முன்னால் "கொஞ்சம்" என்று போட்டதும் அளவு இல்லை, நாகரிகம். வேலையைக் குறை சொல்லும் வரியில் "கொஞ்சம்" வந்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள்.

"திருத்தினால் மகிழ்ச்சி" என்பது "சைவாய் தெஸ்". "செய்தால் நன்றாயிருக்கும்" என்று நாம் சொல்லும்போது இருக்கும் தளர்வு இதில் இல்லை. தேதியோடு வந்தால் அது கெடு.

அடுத்து "கெக்கோ தெஸ்", "தைஜோபு தெஸ்" இரண்டும். "பரவாயில்லை" என்று நம் ஊரில் சொல்வது போலத்தான், காபி வேண்டுமா என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்பவர் வேண்டாம் என்கிறார், காபி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்பவர் குடிக்கிறார். கருவி இரண்டுக்கும் "சரி" என்றே கொடுக்கக்கூடும். முன்னால் இருக்கும் ஒட்டைப் பாருங்கள். "கோரே தெ கெக்கோ" என்று "தெ" வந்தால் இதுவே போதும், ஓகே. "ஷூசெய் வா கெக்கோ" என்று "வா" வந்தால் திருத்தம் தேவையில்லை.

மறுப்பு எப்போதும் வேறு வேஷத்தில்தான் வரும். "கெந்தோ" என்றால் பரிசீலனை. எப்போது பதில் சொல்வோம் என்று தேதியும் சேர்ந்து வந்தால் நிஜமாகவே பரிசீலிக்கிறார்கள், தேதி இல்லாமல் வந்தால் நான் இப்போதெல்லாம் இல்லை என்றே எடுத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன். "முசுகாஷீ", அதாவது கடினம், என்பதும் பெரும்பாலும் முடியாதுதான். "மியோகுரு" என்று ஒரு சொல் வரும், கருவி அதை "இந்த முறை வழியனுப்பி வைக்கிறோம்" என்று கொடுத்தால் வழியனுப்பப்படுவது உங்கள் கொட்டேஷன்.

இந்த மாதிரிச் சொற்களை jisho.org என்ற இலவச அகராதியில் போட்டால் எல்லாப் பொருளும் வரிசையாக வரும், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவி ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது, அகராதி அது எவற்றைக் கைவிட்டது என்று காட்டுகிறது.

இங்கே ஒரு பொறி. வந்த ஆங்கிலத்தைத் திரும்ப ஜப்பானியத்துக்கு மாற்றிப் பார்த்து, ஏறக்குறைய அதே வாக்கியம் வந்தால் சரி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் நினைத்திருக்கிறேன். அது எதையும் நிரூபிக்காது. போகும்போது தப்பான கதவில் போன கருவி திரும்பும்போதும் அதே கதவில் வரும்.

## 5. தேதி, பணம் இரண்டையும் தனியாக எடுத்து எழுதுங்கள்

"20ஆம் தேதிக்குள்" என்றால் 20ஆம் தேதியும் சேர்த்தி. ஆனால் ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே அலுவலகம் மாலை 6 மணிக்கு மூடினால் நமக்கு மதியம் 2.30. இரவு 9 மணிக்கு அனுப்பிவிட்டு நேரத்துக்குக் கொடுத்தேன் என்று சொன்னால் அங்கே 21ஆம் தேதி பிறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

மாதத்தை அவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். ஜோஜுன் என்றால் 1 முதல் 10 வரை, சூஜுன் 11 முதல் 20 வரை, கெஜுன் 21இலிருந்து மாதம் முடியும் வரை. கருவி இவற்றை "மாதத் தொடக்கம்", "நடு", "இறுதி" என்று கொடுக்கும், நடு என்றால் நாம் 15 என்று நினைப்போம். தொகையில் "மான்" என்று உச்சரிப்பு வந்தால் அது பத்தாயிரம், 3 மான் யென் என்றால் 30,000 யென். பூஜ்ஜியங்களை ஒரு தடவை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"இன்வாய்ஸை மாதக் கடைசியில் மூடவும்" என்பதில் இருந்தது "ஷிமே" என்ற சொல். கணக்கு முடிக்கும் நாள் என்று பொருள். அந்த மாதத்தில் முடிந்த வேலைகளையெல்லாம் மாதக் கடைசியில் ஒரே இன்வாய்ஸில் சேர்க்க வேண்டும், பணம் பொதுவாக அடுத்த மாதக் கடைசியில் வரும். இதிலே "கென்ஷூ" என்று இன்னொன்று ஒளிந்திருக்கும், நீங்கள் கொடுத்ததை அவர்கள் பார்த்து ஏற்றுக்கொள்வது. பல இடங்களில் வேலை முடிந்த நாள் என்பது நீங்கள் அனுப்பிய நாளில்லை, கென்ஷூ முடிந்த நாள். நான் திருத்திய படங்களை ஜூன் 24 அன்று அனுப்பினேன், கென்ஷூ ஜூலை 2 அன்றுதான் முடிந்தது. ஆகவே ஜூலைக் கணக்கு, ஆகஸ்டு கடைசியில் பணம். ஒழுங்காக 20ஆம் தேதி கொடுத்திருந்தால் பெரும்பாலும் ஜூலை கடைசியிலேயே வந்திருக்கும்.

## 6. "புரிந்தது" என்று எழுதாதீர்கள், புரிந்ததை எழுதுங்கள்

சந்தேகம் உள்ள வரிகளுக்கு "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று கேட்டால் பல நேரம் மரியாதைக்கு ஆமாம் என்று வரும், அல்லது மறுபடி மெத்தை போட்ட ஒரு வரி வரும். தேர்வு கொடுத்துக் கேளுங்கள். எளிய ஆங்கிலத்தில், குட்டி வாக்கியங்களாக, எண் போட்டு எழுதினால் அவர்கள் பக்கத்துக் கருவியும் அதைக் கெடுக்காது. நான் அன்று எழுதியிருக்க வேண்டிய பதில் இது:

1. திருத்த வேண்டியவை: 120 படங்களும். சரியா?
2. நிழல்: அ) முழுவதும் நீக்குவது, ஆ) மெல்லியதாக்குவது. எது?
3. திருத்தி அனுப்பும் நாள்: ஜூன் 20, ஜப்பான் நேரம் மதியம் 3 மணி.
4. மீதி 200 படங்கள்: உங்கள் ஆர்டர் வரும்வரை தொடங்க மாட்டேன்.
5. இன்வாய்ஸ்: ஜூன் 30 தேதியிட்டு அனுப்புகிறேன். பணம் ஜூலை 31. சரியா?

கூடவே ஒரு மாதிரிப் படத்தை இரண்டு விதமாகவும் செய்து இணைத்துவிடுங்கள். "அ" என்று ஒரே எழுத்தில் பதில் வந்தால் மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. கருவி வழியாகப் படிக்கிறேன் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இதைச் சொன்ன பிறகுதான் என் கிளையன்ட் குட்டி வாக்கியங்களில், எழுவாய் போட்டு எழுத ஆரம்பித்தார்.

## 7. நிஜக் கோபம் எப்படி இருக்கும்

நான் கெடுவைக் கோட்டைவிட்ட மறுநாள் வந்த மெயிலில் வழக்கமான முதல் வரி இல்லை. மூன்றே வரி. அதில் "கொமாரிமாஸ்" என்று இருந்தது, கருவி "நாங்கள் சிக்கலில் இருக்கிறோம்" என்றது. ஐயோ பாவம், அவர்களுக்கு ஏதோ பிரச்சினை போல என்று ஆறுதல் சொல்லி ஒரு பதில் தட்டிக்கொண்டிருந்தேன், நல்லவேளை அனுப்பவில்லை. "இப்படிச் செய்தால் எப்படி" என்று நம்மைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. அதற்கும் மேலே "இகான்" என்று ஒன்று உண்டு, கருவி "வருந்தத்தக்கது" என்று மென்மையாகக் கொடுக்கும், வியாபார மெயிலில் வந்தால் விவகாரம் முற்றிவிட்டது என்று அர்த்தம். திடீரென்று புதிதாக ஒருவர் மெயில் நகலில் சேர்ந்தாலும் கவனியுங்கள், பெரும்பாலும் அவர் மேலதிகாரி.

மௌனம் மட்டும் வேறு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை, ஆகஸ்டு நடுவில் ஓபோன் பண்டிகைச் சமயம், டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை பதில் வரவில்லை என்றால் விடுமுறையில் இருப்பார்கள். அப்போது நினைவூட்டல் மேல் நினைவூட்டல் போடாதீர்கள்.

## 8. எப்போது காசு கொடுத்து ஆளிடம் காட்டுவது

எல்லா மெயிலுக்கும் தேவையில்லை. ஒப்பந்தம், விலைக் குறைப்பு, குறை சொல்லும் மெயில், முதல் முறை வரும் பேமென்ட் விவரம் இந்த நான்குக்கும் நான் காட்டிவிடுகிறேன். சென்னையில் ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய் மாதிரி ஜப்பானியம் சொல்லித்தரும் இடங்களில் படித்தவர்கள் கிடைப்பார்கள். ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜேஎல்பிடி தேர்வில் N5 தான் அடிநிலை, N1 மேல்நிலை, வியாபார மெயிலுக்கு N2 ஆவது முடித்தவராகப் பாருங்கள். N5 முடித்த உறவுக்காரப் பையனிடம் காட்டினால் அவனும் உங்களை மாதிரி அகராதியைத்தான் பார்ப்பான். நான் ஒரு மெயிலுக்கு 300 ரூபாய் கொடுக்கிறேன், அன்றே பதில் வந்துவிடும். கொடுக்கும்போது "இதை மொழிபெயர்த்துக் கொடுங்கள்" என்று கேட்காமல், சிவப்பில் குறித்த வரிகளைக் காட்டி "இங்கே யார் செய்ய வேண்டும், இது கட்டாயமா, இவர் கோபமாக இருக்கிறாரா" என்று கேளுங்கள். மூலத்தைக் கொடுங்கள், கருவியின் மொழிபெயர்ப்பைக் காட்டாதீர்கள், காட்டினால் அவர் அதையே திருத்தப் போய்விடுவார்.

என் மூன்று வரி மெயிலைப் படித்துச் சொன்ன அக்கா, முதல் மெயிலையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இவங்க உங்களைப் பத்து நாளைக்கு முன்னாடியே திட்டிட்டாங்களே" என்றார். அன்று இரவே உட்கார்ந்து கோப்பைகளுக்கு அடியிலிருந்த நிழலை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன், முடிக்க மூன்று நாள் ஆனது. அந்த 140 படங்கள் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன, எல்லாவற்றிலும் சாம்பல் நிழலோடு.